மெக்சிகோ அலுவலகங்களில் கேட்கும் காகிதம் எது, கொடுக்கும் காகிதம் எது?

மெக்சிகோவுக்கு வேலை விசாவில் வந்து இறங்குகிறவர் முதல் சில வாரங்களில் மூன்று இடங்களுக்குப் போயாக வேண்டும். முதலில் குடிவரவு அலுவலகம். அதை இங்கே எல்லாரும் 'மிக்ராசியோன்' என்றுதான் சொல்வார்கள். அடுத்தது வரித்துறையான 'சாத்'. மூன்றாவது, சம்பளக் கணக்கு திறக்க வங்கி. கடையிலும் டாக்சியிலும் பேசுகிற அளவுக்கு ஸ்பானிஷ் தெரிந்தவர்கள்கூட இந்த மூன்று இடங்களிலும் திணறுவதைப் பார்க்கிறேன். அங்கே புழங்கும் சொற்கள் வேறு. அவற்றில் பாதி ஒன்றுபோலவே காதில் விழும், ஆனால் குறிப்பது வேறு வேறு காகிதங்களை.

இணையதளத்திலும் படிவத்திலும் அவை இப்படி இருக்கும்:

```
trámite      ventanilla
comprobante  constancia
acuse        oficio
```

டிராமிதே, வென்தனீயா, கோம்ப்ரோபான்தே, கான்ஸ்தான்சியா, அகூசே, ஒஃபீசியோ. இந்த ஆறும் பிடிபட்டால் மற்றதைக் கேட்டுக் கேட்டே சமாளித்துவிடலாம்.

டிராமிதே என்பது ஒரு படிவத்தின் பெயர் இல்லை. ஒரு வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து அலுவலகம் முடிவு சொல்லும் நாள்வரை நடக்கும் எல்லாம் சேர்ந்துதான் டிராமிதே. விண்ணப்பம், கட்டணம், கைரேகை, கடைசியில் கையில் வரும் அட்டை எல்லாம் அதற்குள் அடக்கம். ஒவ்வொரு டிராமிதேவுக்கும் தனிப் பெயர் உண்டு. உங்களுக்கு வரும் முதல் டிராமிதேவின் பெயர் 'கான்ஹே', அதாவது மாற்றிக்கொள்வது. தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொடுத்த விசா உங்களை நாட்டுக்குள் விடுவதற்கு மட்டுமே. உள்ளே வந்தபின் அதைக் காட்டி வசிப்பாளர் அட்டையாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

கான்ஹே விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. அதிகாரி அடிக்கும் முத்திரையில் 30 நாள் என்றும் கான்ஹே என்றும் குறிப்பு இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணி என்று நினைத்து 180 நாள் எழுதிவிட்டால், நாள் அதிகம் கிடைத்ததே என்று சந்தோஷப்படக் கூடாது. அந்தப் பதிவின்படி நீங்கள் சுற்றுலாப் பயணி. அட்டை கேட்கப் போகும்போது அதுவே முட்டுக்கட்டையாகும். அதனால் அந்த மேசையை விட்டு நகர்வதற்கு முன் முத்திரையைப் படித்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் விசா பக்கத்தைத் திறந்து காட்டி அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். தானியங்கிக் கதவு வழியாகப் போகச் சொன்னாலும் போகாமல் அதிகாரி இருக்கும் வரிசையில் நில்லுங்கள்.

அந்த 30 நாளை எப்படி எண்ணுவது? மெக்சிகோ அலுவலகங்களுக்கு நாள் என்றால் இரண்டு வகை. 'தீயாஸ் நத்தூராலேஸ்' என்றால் ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேர்த்து எண்ணுவது. 'தீயாஸ் ஆபிலேஸ்' என்றால் வேலை நாள் மட்டும். உங்களுக்கு வைக்கும் கெடு எந்த வகை என்று அந்தக் காகிதத்திலேயே எழுதியிருக்கும். கான்ஹேவுக்கான 30 நாள் முதல் வகை. 2026 மார்ச் 3 அன்று ஒருவர் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாளை முதல் நாளாக எண்ணினால் முப்பதாவது நாள் ஏப்ரல் 2. அது பெரிய வியாழன். அன்றும் மறுநாள் புனித வெள்ளியன்றும் இங்கே பெரும்பாலான அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டிருந்தால் அவர் பாடு திண்டாட்டம்தான். அதே சமயம், 30 நாளுக்குள் அட்டை கைக்கு வந்தாக வேண்டும் என்று பயப்படவும் வேண்டாம். அதற்குள் டிராமிதேவைத் தொடங்கியிருந்தால் போதும்.

தொடங்கியதற்கு என்ன அத்தாட்சி? அது கிடைக்கும் இடம்தான் வென்தனீயா.

வென்தனீயா என்றால் சின்ன ஜன்னல், நம்மூர் கவுண்டர். ஒரே அலுவலகத்தில் பல வென்தனீயாக்கள் இருக்கும். காகிதம் வாங்குவது ஒன்று, முடிந்ததைக் கொடுப்பது இன்னொன்று என்று வேலை பிரிந்திருக்கும். முன்பதிவுக்கு 'சீத்தா' என்று பெயர். சீத்தாவோடு போனாலும் வாசலில் 'தூர்னோ', அதாவது வரிசை எண், வாங்க வேண்டியிருக்கலாம். எண் திரையில் வரும், அல்லது பெயரைக் கூப்பிடுவார்கள். இங்கே கூப்பிடுவது குடும்பப் பெயரைச் சொல்லி. நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது. செல்வி முருகன் உட்கார்ந்திருப்பார், "முருகன்" என்று கூப்பிடுவார்கள், அது தன்னைத்தான் என்று தெரியாமல் அவர் தூர்னோவைத் தவறவிடுவார். காத்திருக்கும்போது அப்பா பெயருக்கும் காது கொடுத்து வையுங்கள்.

ஜன்னலில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தேவைப்பட்டியலில் இப்படி ஒரு வரி அடிக்கடி வரும்:

```
Original para cotejo y copia simple
```

'கொதேஹோ' என்றால் ஒப்பிட்டுப் பார்ப்பது. 'கோப்பியா சிம்ப்ளே' என்றால் சாதாரண ஜெராக்ஸ், யாரும் கையெழுத்துப் போட்டு உறுதி செய்ய வேண்டாம். எழுத்தர் உங்கள் மூலத்தையும் நகலையும் பக்கம் பக்கமாக வைத்து, பெயர், எண், தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு நகலைக் கோப்பில் சேர்த்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவார். மூலத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்களோ என்று சிலர் வீட்டிலேயே வைத்துவிட்டு நகலை மட்டும் கொண்டுபோகிறார்கள், அன்றைய பொழுது வீணாகிறது. 'கோப்பியா செர்த்திஃபிகாதா' என்று கேட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அது உறுதிசெய்யப்பட்ட நகல். மூலம் எந்த அலுவலகம் கொடுத்ததோ அதனிடமோ, நொத்தாரியோவிடமோ வாங்க வேண்டும். மெக்சிகோவில் நொத்தாரியோ என்பவர் வீட்டுப் பத்திரம், கம்பெனிப் பத்திரம் எழுதும் பெரிய சட்டவல்லுநர். நீதிமன்ற வாசலில் முத்திரை குத்தித் தரும் நம்மூர் நோட்டரியைப் போலக் குறைந்த காசில் வேலை முடியாது. அதனால் பட்டியலில் எந்த நகல் கேட்டிருக்கிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தைக் கொடுத்து முடித்தபின் உங்கள் கையில் வர வேண்டியது அகூசே. நீங்கள் கொடுத்ததை அலுவலகம் பெற்றுக்கொண்டது என்பதற்கான அத்தாட்சி அது. பெரும்பாலும் உங்கள் விண்ணப்பத்தின் ஒரு பிரதியிலேயே 'ரெசிபீதோ', அதாவது பெறப்பட்டது, என்ற முத்திரையும் தேதியும் விழும். மிக்ராசியோனில் அதோடு ஒரு டிராமிதே எண்ணும் கடவுச்சொல்லும் அச்சிட்டுத் தருவார்கள். அவற்றை வைத்து நிலவரத்தை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். கெடுவுக்குள் தொடங்கினீர்களா என்ற கேள்வி நாளைக்கு வந்தால் பதில் சொல்லப்போவது அகூசேயில் உள்ள தேதி மட்டும்தான். வாய்வார்த்தையாக "சரி, வாங்கிக்கொண்டோம்" என்றால் கிளம்பிவிடாதீர்கள். "மீ அகூசே, போர் ஃபவோர்" என்று கேளுங்கள். கேட்பது சகஜம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போதெல்லாம் பல அலுவலகங்களில் கான்ஹே அட்டை அன்றே கிடைத்துவிடுகிறது. ஆனால் வேறு டிராமிதேக்களில் அட்டைக்கு முன்னால் ஓர் ஒஃபீசியோ வரலாம். ஒஃபீசியோ என்பது அலுவலகம் உங்களுக்கு எழுதும் கடிதம். மேலே ஓர் எண்ணும் கீழே கையெழுத்தும் இருக்கும். அதில் 'ப்ரெவென்சியோன்' என்ற சொல் கண்ணில் பட்டால் மனம் தளர வேண்டாம், அது மறுப்பு இல்லை. ஏதோ ஒரு காகிதம் குறைகிறது அல்லது பொருந்தவில்லை, இத்தனை நாளுக்குள் சரிசெய்து கொடு என்று பொருள். அந்த நாள் பெரும்பாலும் வேலை நாள் கணக்குதான், இருந்தாலும் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். கெடு தாண்டினால் டிராமிதே தள்ளுபடியாகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும், கட்டணமும் மறுபடி கட்ட வேண்டிவரலாம். பதில் கொடுக்கும்போது அதற்கும் ஓர் அகூசே வாங்குங்கள்.

இதற்கிடையில் ஊரில் அவசரம் என்று ஃபோன் வரலாம். அட்டை வராமல் டிராமிதே நடந்துகொண்டிருக்கும் நிலைக்கு 'என் டிராமிதே' என்று பெயர். அந்த நிலையில் டிக்கெட் எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பக் கூடாது. மிக்ராசியோனில் 'பெர்மீசோ தே சலீதா இ ரெக்ரேசோ' என்ற அனுமதி வாங்க வேண்டும், போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி. அது இல்லாமல் வெளியேறினால் நடந்துகொண்டிருக்கும் டிராமிதே பாழாகும். அந்த அனுமதியைக் கேட்கவும் அகூசே தேவைப்படும்.

அட்டை கையில் வந்ததும் அதிலுள்ள 'குர்ப்' எண்ணைப் பாருங்கள். பதினெட்டு எழுத்தும் எண்ணும் கொண்ட மக்கள் பதிவு எண் அது. மெக்சிகோவில் வங்கி, மருத்துவமனை, வேலை எதற்குப் போனாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். இது ஏதோ வரிசை எண் இல்லை, உங்கள் பெயரிலிருந்தும் பிறந்த தேதியிலிருந்தும் கட்டப்படுவது. அதனால் தப்பு இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். செல்வி முருகன் 1992 மே 14 அன்று பிறந்தவர் என்று வைத்துக்கொண்டால் அவருடைய முதல் பதினாறு இடங்கள் இப்படி வரும்:

```
MUXS920514MNERXL
```

முதல் இரண்டும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் அதற்குள் வரும் முதல் உயிரெழுத்தும். மெக்சிகோவில் பொதுவாக இரண்டு குடும்பப் பெயர் உண்டு, அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. நமக்கு இரண்டாவது இல்லை, அந்த இடத்தை X நிரப்புகிறது. பிறகு S, செல்வியின் முதல் எழுத்து. அடுத்த ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அதன்பின் வரும் M 'முஹேர்', அதாவது பெண். ஆணுக்கு 'ஓம்ப்ரே'யின் H வரும். ஆங்கிலப் பழக்கத்தில் M என்றால் ஆண் என்று படித்துவிட்டுப் பதற வேண்டாம். NE என்றால் வெளிநாட்டில் பிறந்தவர். கடைசி மூன்றும் பெயர்களுக்கு உள்ளே வரும் முதல் மெய்யெழுத்துகள், அங்கேயும் இல்லாத பெயருக்கு X. மிச்சமுள்ள இரண்டு இடத்தைப் பதிவு அலுவலகமே போட்டுக்கொள்ளும்.

உங்கள் எண்ணை இப்படிப் பிரித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். மாதமும் நாளும் இடம் மாறியிருந்தாலோ, உங்கள் பெயரைக் குடும்பப் பெயராக எழுதியிருந்தாலோ உடனே தெரிந்துவிடும். அட்டையைக் கொடுத்த அதே வென்தனீயாவில் அப்போதே சொல்வது நல்லது. வெளியே வந்தபின் சொன்னால் திருத்தமே தனியாக ஒரு டிராமிதே ஆகிவிடும். அதற்குள் அந்தத் தப்பு வரித்துறைக்கும் வங்கிக்கும் பரவியிருக்கும்.

அடுத்தது சாத். கோம்ப்ரோபான்தேக்கும் கான்ஸ்தான்சியாவுக்கும் நடுவே ஆட்கள் குழம்புவது இங்கேதான்.

கோம்ப்ரோபான்தே என்பது ஏதோ ஒன்று நடந்ததற்கான அடையாளச் சீட்டு. பணம் கட்டினால் வங்கி தருவது கோம்ப்ரோபான்தே தே பாகோ. நீங்கள் ஒரு வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்பதைக் காட்டுவது கோம்ப்ரோபான்தே தே தொமிசீலியோ. இந்தப் பெயரில் எந்த அலுவலகமும் ஒரு காகிதம் அச்சடித்துத் தருவதில்லை. வீட்டுக்கு வரும் மின்கட்டண ரசீது, தண்ணீர் ரசீது, தொலைபேசி ரசீது ஆகியவற்றில் ஒன்றைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதிகம் செல்லுபடியாவது மின்சார ரசீது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்று போட்டிருப்பார்கள். வாடகை வீட்டில் ரசீது வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். பல இடங்களில் அது பரவாயில்லை, முகவரிதான் அவர்களுக்கு முக்கியம். உங்கள் பெயரிலேயே வேண்டும் என்று அடம்பிடித்தால், வேறு எதை ஏற்பார்கள் என்று அங்கேயே கேளுங்கள். பல இடங்களில் வாடகை ஒப்பந்தம் செல்லும்.

கான்ஸ்தான்சியா அப்படி இல்லை. தன் பதிவேட்டில் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்பதை ஓர் அலுவலகமோ நிறுவனமோ தானே எழுதிக் கொடுப்பது. அதனால் யார் கொடுத்தது, எதைப் பற்றியது, எந்தத் தேதியில் என்ற மூன்றும் அதில் இருந்தே ஆக வேண்டும். சாத் தருவதற்கு 'கான்ஸ்தான்சியா தே சித்துவாசியோன் ஃபிஸ்கால்' என்று பெயர். உங்கள் வரி எண், பெயர், அஞ்சல் குறியீடு, எந்த வரிப் பிரிவில் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும், க்யூஆர் குறியீடும் இருக்கும்.

இந்த ஒரு கான்ஸ்தான்சியாவுக்காக 2022-இல் சாத் அலுவலகங்களின் வாசலில் நீண்ட வரிசைகள் நின்றன. மின்னணு பில்லின் புதிய பதிப்பான 4.0 அப்போது வந்தது. ஊதியச் சீட்டும் இங்கே அந்த வகைதான். பெறுபவரின் பெயரும் அஞ்சல் குறியீடும் வரிப் பிரிவும் சாத் பதிவேட்டில் இருப்பதுபோலவே இருந்தால்தான் சீட்டு உருவாகும் என்று ஆனது. ஓர் எழுத்து மாறினாலும் கணினி ஏற்காது. அதனால் கம்பெனிகள் ஊழியர்களிடம் கான்ஸ்தான்சியா கேட்கத் தொடங்கின. இன்றைக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மனிதவளத் துறை அதைக் கேட்பதற்குக் காரணம் இதுதான். நீங்கள் உங்கள் பெயரை எப்படி எழுதுகிறீர்கள் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை, சாத்திடம் எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

வரி எண்ணைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மவர்களைத்தான் இது அதிகம் பயமுறுத்துகிறது. ஆர்எஃப்சி என்று சொல்லும் அந்த எண்ணில் பதின்மூன்று இடங்கள். மெக்சிகோக்காரர்களுக்கு அதன் முதல் பத்தும் குர்ப்பின் முதல் பத்தும் பொதுவாக ஒன்றாகவே இருக்கும். ஒரே குடும்பப் பெயர் உள்ளவருக்கு விதி மாறுகிறது. குர்ப் X போட்டு நிரப்பும், ஆர்எஃப்சியோ குடும்பப் பெயரில் இரண்டு எழுத்தும் சொந்தப் பெயரில் இரண்டு எழுத்தும் எடுத்துக்கொள்ளும். செல்விக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இப்படி நிற்கும்:

```
CURP: MUXS920514...
RFC:  MUSE920514...
```

இரண்டும் சரிதான். அலுவலகத்தில் யாராவது "பொருந்தவில்லையே" என்று புருவத்தைத் தூக்கினால் கான்ஸ்தான்சியாவைக் காட்டுங்கள். அதில் இரண்டு எண்ணும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்களில் பெயரைப் போட்டு வரும் ஆர்எஃப்சியை மட்டும் எங்கேயும் எழுதிக் கொடுக்காதீர்கள், கடைசி மூன்று இடத்தை ஒதுக்குவது சாத் மட்டுமே.

கான்ஸ்தான்சியாவுக்குக் காசு இல்லை. ஒருமுறை பதிவு செய்து கடவுச்சொல் வாங்கிவிட்டால் சாத் தளத்திலிருந்து நீங்களே எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அலுவலக வாசலில் நின்று எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவர்களுக்கு இங்கே 'கொயோத்தே' என்று பெயர். அவர்களிடம் வரி எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு வருவது ஆபத்து. கான்ஸ்தான்சியாவின் மேலே 'எமிசியோன்' என்ற இடத்தில் அது எடுக்கப்பட்ட தேதி இருக்கும். வங்கியும் கம்பெனியும் அதைத்தான் முதலில் பார்க்கும், பெரும்பாலும் அந்த மாதத்தில் எடுத்ததாகக் கேட்கும். போன வருடத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருந்து பயனில்லை, போகும் முன் புதிதாக ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். வீடு மாறினால் முதலில் சாத் பதிவில் முகவரியை மாற்றிவிட்டு அப்புறம் இறக்குங்கள். அஞ்சல் குறியீடு பழையதாக இருந்தால் அடுத்த ஊதியச் சீட்டில் சிக்கல் வரும்.

வங்கியில் வெறுமனே "கான்ஸ்தான்சியா கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள். தலையாட்டிவிட்டு வராமல் "கான்ஸ்தான்சியா தே கே?", அதாவது எதற்கான கான்ஸ்தான்சியா, என்று கேட்டுவிடுங்கள். வேலையில் இருப்பதற்கானது என்றால் அது 'லபொரால்', உங்கள் கம்பெனி அதன் தலைப்புத் தாளில் பதவி, சேர்ந்த தேதி, சம்பளம் போட்டுக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பிள்ளையின் படிப்புக்கானது என்றால் 'எஸ்தூதியோஸ்', பள்ளி தர வேண்டும். வரிக்கானது என்றால் 'ஃபிஸ்கால்', உங்கள் கணினியிலேயே இருக்கிறது. பதிலில் இந்த மூன்று சொல்லில் எது வருகிறது என்று கவனித்தால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவிடும்.